குச்சியில் ஒரு விடை, நோட்டில் ஒரு விடை: ஒரு சிறுகதையும் அதைப் பற்றிய பேச்சும்

வகுப்பறைச் சன்னல்

நண்பர்களே, நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இந்தக் கதையில் வரும் பெயர்கள் கற்பனை, கணக்குகள் என் வகுப்பில் நடந்தவை. படித்துவிட்டுக் கதையைப் பற்றியும் பேசுங்கள், கணக்கைப் பற்றியும் பேசுங்கள்.

*ஈர்க்குக் கட்டு*

மாலதி டீச்சர் விடைத்தாள்களை மூன்றாவது முறையாகக் கூட்டினாள். நான்காம் வகுப்பு 'அ' பிரிவில் 24 பிள்ளைகள். ஜூலை முதல் வாரம் வைத்த முன்தேர்வில் சராசரி இருபதுக்கு 9.4. ஆறு வாரம் ஈர்க்குக் கட்டுகளை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்த பிறகு 11.5.

இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்றம். விளக்குமாற்று ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு ஆக்கி, ஒரு விடுமுறை முழுக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலை. அவள் கணவரும் மாமியாரும்கூட வளையம் போட்டார்கள். ஏற்றத்தைப் பார்த்ததும் முதலில் மாமியாரிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிறகு 'ஆ' பிரிவின் தாள்களை எடுத்தாள். அங்கே 23 பிள்ளைகள். பக்கத்து அறை ஆசிரியை வழக்கம்போலக் கரும்பலகையில் நடத்திய வகுப்பு. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அதே தேர்வை அங்கேயும் வைத்திருந்தாள். ஜூலையில் 9.7. இப்போது 11.6.

ஈர்க்கைத் தொட்டவர்களுக்கு 2.1 ஏற்றம். ஈர்க்கையே பார்க்காதவர்களுக்கு 1.9.

பக்கத்து அறை ஆசிரியை தாளை எட்டிப் பார்த்தார். "என் வகுப்பை விட்டுவிடுங்கள் டீச்சர். உங்கள் வகுப்பு ஏறியிருக்கிறதல்லவா, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். யார் கேட்கப்போகிறார்கள்?" அவர் அன்பாகத்தான் சொன்னார். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்க ஐந்து நாள் இருந்தது.

மாலதி அன்றிரவு அப்படியே எழுதினாள். நான்கு பக்கம். 'ஆ' பிரிவு எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதி முடித்துவிட்டு, பின்னிணைப்பாக வைக்க ஒரு நல்ல விடைத்தாளைத் தேடினாள். பதினேழாம் கேள்வி, 503 − 267. அவள் தேடியது 236. கண்ணில் பட்டது 364. அடுத்த தாளிலும் 364. அதற்கடுத்ததில் 336. மறுபடி 364.

ஜூலைத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே பிள்ளைகள், அதே 364. மேலே சின்ன எண், கீழே பெரிய எண் என்றால் எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். மூன்றிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு. ஆறு வாரமும் ஐந்நூறு ஈர்க்கும் அந்தப் பழக்கத்தை அசைக்கவில்லை.

மறுநாள் மதிய உணவுக்குப் பிறகு கதிரைக் கூப்பிட்டாள். அவன் ஈர்க்கில் கெட்டிக்காரன், குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லித் தருபவன். ஐந்து நூறு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் கொடுத்து, 267 எடுக்கச் சொன்னாள். அவன் ஒரு நூறைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கினான். அதில் ஒன்றைப் பிரித்துப் பத்து ஈர்க்காக்கினான். எடுத்தான், எண்ணினான். "இருநூற்று முப்பத்தாறு டீச்சர்."

"இப்போது நோட்டில் போடு."

அவன் யோசிக்காமல் எழுதினான். 364.

"கதிர், எது சரி?"

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டதுபோல இருந்தது. "குச்சியில் இது டீச்சர். நோட்டில் இது."

மாலதி அந்த வாரம் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு இரண்டு கோப்புகளோடு போனாள். ஒன்றில் நான்கு பக்க அறிக்கை. இன்னொன்றில் 47 பிள்ளைகளின் 94 தாள்கள். விரிவுரையாளர் அம்மா முதல் கோப்பைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவதைத் திறந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கதிர் சொன்னதை மாலதி சொன்னபோது பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

"எனக்கு மதிப்பெண் ஏறவில்லை அம்மா."

"ஆமாம், ஏறவில்லை. போன ஆண்டு இரண்டு பள்ளிகளிலிருந்து இதே ஈர்க்குக் கட்டு ஆய்வு வந்தது. இரண்டிலும் ஏற்றம். இரண்டிலும் பக்கத்து வகுப்பு இல்லை. அதை நம்பித்தான் நான் ஜூன் மாதப் பயிற்சியில் உங்களையெல்லாம் கட்டு கட்டச் சொன்னேன்." அவர் சற்று நேரம் தாள்களையே பார்த்தார். "இந்த இரண்டாவது கோப்பைக் கொடுங்கள். ஜனவரிப் பயிற்சிக்கு முன்னால் எனக்கு இது வேண்டும்."

மாலதி நான்கு பக்க அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து, அதன் பின்பக்க வெள்ளையில், 'ஆ' பிரிவு என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினாள்.

---

பொன்னி

கதிர் அவளுக்காக வருத்தப்படும் இடத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் விரிவுரையாளர் அம்மா ரொம்பச் சுலபமாக வந்து கதவைத் திறந்துவிடுகிறார். அந்தப் பக்கத்து அறை ஆசிரியைதான் எனக்கு நிஜமாகத் தெரிகிறார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் சொன்னதுதான் பெரும்பாலும் நடக்கும். கதை அவரிடம் திரும்பிப் போயிருக்கலாம்.

கணக்கன்

நல்ல முயற்சி. ஆனால் இதை இழுக்க வேண்டியதில்லை. 2.1, 1.9 என்றால் புள்ளியியல் சோதனை போட்டாலும், வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று ஏற்க வைத்திருக்கும் 0.05 எல்லையைத் தாண்டாது. தாண்டவில்லை என்றால் ஈர்க்குக் கட்டுக்குப் பயன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஜனவரிப் பயிற்சியில் அதை எடுத்துவிடச் சொல்லலாம். மாற்றமில்லை என்ற முடிவுக்கு மதிப்பு என்பது இதுதானே, வேண்டாததைத் தூக்கிப் போடலாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்துபார்த்துத் திருத்திக்கொள்ளும் செயலாராய்ச்சிக்குப் பக்கத்து வகுப்பு எதற்கு? 1946இல் கர்ட் லெவின் இந்தச் சொல்லை வைத்து எழுதியபோது சொன்னது சுழல்: திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், மறுபடி திட்டமிடு. ஆய்வகச் சோதனையை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. மாலதி டீச்சர் செய்த உண்மையான ஆராய்ச்சி, கதிரைக் கூப்பிட்டு உட்கார வைத்த அந்தப் பத்து நிமிடம். அதற்கு 'ஆ' பிரிவு தேவைப்படவே இல்லை. 23 பிள்ளைகளை ஒப்பீட்டுக்காக மட்டும் தேர்வெழுத வைத்ததும் எனக்கு உறுத்துகிறது. அந்த முறை நல்லது என்று நம்பினால் அவர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

அளவுகோல்

ஐயா, 'ஆ' பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் அவர் கதிரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். 9.4இலிருந்து 11.5 என்று பார்த்து மகிழ்ந்து அறிக்கையை அனுப்பியிருப்பார். அவரைத் தாள்களின் பக்கம் திருப்பியது 1.9 என்ற அந்த எண்தான். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் பிள்ளைகள் ஆறு வாரம் வளர்ந்திருக்கிறார்கள், கழித்தல் பாடமும் நடந்திருக்கிறது, அதே கேள்வித்தாளை இரண்டாம் முறை பார்க்கிறார்கள். இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஏற்றும் என்று பக்கத்து வகுப்பு இல்லாமல் தெரிந்துகொள்ள வழியில்லை. சுழல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுழலின் மூன்றாவது படியில் "என்ன நடந்தது" என்று பார்க்கிறோமே, அதைத் தவறாகப் பார்த்தால் அடுத்த சுற்று முழுவதும் தவறான திசையில் போகும்.

கணக்கன், உங்கள் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி இல்லை. சன்னல் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு பிள்ளையின் ஏற்றமும் எவ்வளவு சிதறியிருந்தது? திட்ட விலக்கம் போட்டீர்களா?

வகுப்பறைச் சன்னல்

இரண்டு வகுப்பிலும் ஏறக்குறைய 3 மதிப்பெண். சிலர் ஏழு ஏறினார்கள், சிலர் இரண்டு இறங்கினார்கள்.

தலைமையாசிரியர் ஐயா, அந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. செப்டம்பரில் கட்டுகளை 'ஆ' பிரிவுக்குக் கொடுப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கதையில் அது விடுபட்டுவிட்டது.

அளவுகோல்

நன்றி. அப்படியென்றால், 24 பேரும் 23 பேரும், சிதறல் 3 என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு வகுப்புக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஏறக்குறைய மைனஸ் 1.6இலிருந்து பிளஸ் 2 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஈர்க்கு ஒரு மதிப்பெண் கூட்டியிருந்தாலும் இதே தாள்கள் கிடைத்திருக்கக்கூடும். ஒரு மதிப்பெண் குறைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஆகவே "பயன் இல்லை என்று நிரூபணமானது" என்று சொல்ல முடியாது. "பெரிய பயன் இல்லை, சிறிய பயன் இருந்தால் 47 பிள்ளைகளை வைத்து அது தெரியாது" என்று சொல்லலாம். ஆல்ட்மேன், பிளாண்ட் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1995இல் ஒரு மருத்துவ இதழில் இதை ஒரே பக்கத்தில் எழுதினார்கள்: சான்று இல்லாதது, இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

அதேசமயம் இந்தத் தாள்கள் வீண் என்றும் ஆகாது. மூன்று, நான்கு மதிப்பெண் ஏறும் என்று யாராவது பயிற்சியில் சொன்னால், அந்த வகுப்பில் அப்படி நடக்கவில்லை என்று காட்டலாம். விரிவுரையாளர் அம்மா கேட்டது இதைத்தான். ஏற்றம் கண்ட இரண்டு அறிக்கைகள் மட்டும் அவர் மேசைக்கு வந்து, ஏறாதவை ஆசிரியர்களின் இழுப்பறையிலேயே தங்கிவிட்டால், அவர் கண்ணுக்கு அந்த முறை எப்போதும் வெற்றியாகவே தெரியும். 1979இல் ராபர்ட் ரோசென்தால் இதற்கு இழுப்பறைச் சிக்கல் என்றே பெயர் வைத்தார். நம் ஊரில் இழுப்பறைக்குப் பதில் பரண்.

இன்னும் இரண்டு கேள்விகள். முப்பது நாள் திட்டத்தில் ஈர்க்கு உண்மையில் எத்தனை நாள் கையில் இருந்தது? 20 கேள்விகளில் பூஜ்யம் நடுவில் வரும் கணக்குகள் எத்தனை?

வகுப்பறைச் சன்னல்

19 நாள். மற்ற நாள்களில் வேறு பணி, விளையாட்டு விழா, இரண்டு நாள் மழை விடுமுறை. இதை அறிக்கையில் எழுத வெட்கமாக இருந்தது, ஆனால் எழுதிவிட்டேன்.

கேள்விகளில் 6 கடன் வாங்கும் இனமாற்றம் இல்லாதவை, 8இல் ஒரே ஒரு இனமாற்றம், 6இல் நடுவில் பூஜ்யம். நீங்கள் கேட்டதும் பிரித்துப் பார்த்தேன். முதல் ஆறை ஜூலையிலேயே எல்லோரும் சரியாகப் போட்டிருக்கிறார்கள், அதில் ஏற இடமே இல்லை. ஏறிய இரண்டு மதிப்பெண்ணும் நடு எட்டில்தான். அது இரண்டு வகுப்பிலும் பாடப் புத்தகத்திலிருந்து நடத்திய பகுதி. பூஜ்யக் கணக்கு ஆறில் இரண்டு வகுப்பும் நகரவே இல்லை. நான் ஈர்க்கு வைத்து அதிக நேரம் செலவழித்தது அந்த ஆறுக்காகத்தான்.

கமலி

என் மகன் நான்காம் வகுப்பு. நேற்று இதே கணக்கைப் போடச் சொன்னேன், அவனும் 364 எழுதினான்! ஈர்க்கு வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா, இல்லை வேண்டாம் என்கிறீர்களா? இவ்வளவு பேசியும் எனக்கு அது புரியவில்லை.

வகுப்பறைச் சன்னல்

கமலி அக்கா, ஈர்க்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் அவனை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். 364 வந்தால் அவன் எண்ணைத் திருப்பிக் கழிக்கிறான். 336 வந்தால் கடன் வாங்கத் தெரிகிறது, பூஜ்யத்தை 9 ஆக்கவும் தெரிகிறது, ஆனால் நூறாம் இடத்து 5இலிருந்து ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறான். 266 வந்தால் பூஜ்யத்தைத் தாண்டிக் குதித்து 5இலிருந்து நேராக ஒன்றாம் இடத்துக்குக் கொண்டுவருகிறான், பிறகு பத்தாம் இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஆறு போகாததால் அங்கே மட்டும் திருப்பிக் கழிக்கிறான். மூன்றும் தவறுதான், ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. உங்கள் மகனுக்கு நூறைப் பிரித்தால் பத்துப் பத்து வரும் என்பதைக் காட்டிவிட்டு, பிரித்த அந்த நொடியிலேயே நோட்டில் 5ஐ அடித்து 4 எழுத வையுங்கள். கட்டு ஒன்று நகர்ந்தால் நோட்டில் ஒரு எண் மாற வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. முதலில் ஈர்க்கு முழுவதும், பிறகு நோட்டு முழுவதும் என்று நடத்தினேன். பிள்ளைகளுக்கு இரண்டும் இரண்டு பாடமாகிவிட்டன.

பி.எட். மாணவன்

ஐயா, அம்மா, எனக்கு இது அவசரம். என் செயலாராய்ச்சியிலும் மாற்றம் வரவில்லை. எட்டாம் வகுப்பு, ஆங்கில எழுத்துப் பிழை, 32 பேர். என் வழிகாட்டி, எல்லோரையும் எடுத்ததுதான் தவறு, முன்தேர்வில் கடைசி 12 பேரை மட்டும் வைத்து அறிக்கை எழுது, அவர்களுக்கு ஏற்றம் வந்திருக்கும் என்கிறார். பார்த்தேன், உண்மையாகவே வந்திருக்கிறது, சராசரி 3 மதிப்பெண். தவறு செய்கிறோமோ என்று இருக்கிறது, ஆனால் எண் பொய் இல்லையே?

அளவுகோல்

தம்பி, எண் பொய் இல்லை. ஆனால் அந்த எண் உன் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. முன்தேர்வில் கடைசி 12 பேர் யார்? உண்மையிலேயே பலவீனமான சிலரும், அன்று காய்ச்சலோடு வந்த சிலரும், ஊகித்ததெல்லாம் தவறாய்ப் போன சிலரும். பின்தேர்வில் காய்ச்சல்காரன் தன் வழக்கமான இடத்துக்குத் திரும்புவான். நீ ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அந்த 12 பேரின் சராசரி ஏறும். கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டபோது கண்டது இதே சங்கதி: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றுக் குறுகினார்கள், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சற்று உயர்ந்தார்கள்.

நீயே சோதித்துப் பார்க்கலாம். முன்தேர்வில் முதல் 12 பேரை எடு. அவர்கள் சராசரி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். உன் பாடம் கெட்டிக்காரர்களைக் கெடுத்தது என்று உன் வழிகாட்டி எழுதச் சொல்வாரா?

பி.எட். மாணவன்

இப்போதுதான் பார்த்தேன். முதல் 12 பேர் 2 மதிப்பெண் இறங்கியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி, 32 பேரையும் வைத்தே எழுது. வாய்மொழித் தேர்வில் ஏன் ஏறவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் உன்னிடம் இருக்க வேண்டும். எத்தனை நாள் நடந்தது, எந்தப் பிழைகள் மாறின, எவை மாறவில்லை என்று பிரித்து வை. நான் பல ஆண்டுகள் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா அறிக்கையிலும் ஏற்றம் வரும். மாணவர்கள் உழைத்திருக்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருவரிடமாவது மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேனா என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன்.

அளவுகோல் அவர்களே, ஒப்பீட்டைப் பற்றி உங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். முழுதும் இல்லை. ஒரே பிரிவு மட்டும் உள்ள சிறு பள்ளி ஆசிரியர் 'ஆ' பிரிவுக்கு எங்கே போவார்?

அளவுகோல்

நியாயமான கேள்வி. ஒரே வகுப்பு என்றால் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று முறை, வாரம் ஒன்றாகச் சிறு தேர்வு வைக்கலாம். ஒன்றும் செய்யாமலே ஏறிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். பக்கத்து வகுப்பு அளவுக்கு அது உறுதி இல்லைதான்.

சன்னல் அவர்களுக்கு ஒரு செய்தி. கட்டு நகரும்போதே எண்ணை எழுத வைக்கும் முறையை லாரன் ரெஸ்னிக் அமெரிக்காவில் கழித்தல் பிழை செய்யும் பிள்ளைகளிடம் மரக்கட்டைகளை வைத்துச் செய்துபார்த்தார். 1987இல் ஓமன்சனோடு சேர்ந்து வெளியிட்டதில், எதிர்பார்த்த அளவு பிழைகள் போகவில்லை, புரிந்துகொண்ட பிள்ளைகளிலும் பலர் எழுதும்போது பழைய வழிக்கே திரும்பினார்கள் என்று எழுதினார். அவரும் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதால்தான், நீங்கள் அடுத்த சுற்றை அதிக எதிர்பார்ப்பு இல்லாமல் தொடங்க முடிகிறது.

கணக்கன்

நான் 'நிரூபணம்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை. 47 பிள்ளைகளை வைத்துச் சிறிய பயன் தெரியாது என்றால், ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் செய்யும் எந்த ஆய்விலும் அது தெரியப்போவதில்லை. அப்புறம் எதற்கு மதிப்பெண்ணை எண்ணுகிறோம்?

பொன்னி

கணக்கன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் கதையில் மாலதிக்கு வழி காட்டியது சராசரி இல்லை, பதினேழாம் கேள்வி. சன்னல், கதிர் இப்போது என்ன எழுதுகிறான்?

வகுப்பறைச் சன்னல்

இந்த வாரம் அவனை மறுபடி உட்கார வைத்தேன். வேறு எண், 402 − 158. முதலில் நோட்டில் 356 எழுதினான். பிறகு தானாகவே ஈர்க்குப் பெட்டியைத் திறந்து செய்துபார்த்தான். 244. நோட்டையும் ஈர்க்கையும் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றாகத்தான் வர வேண்டும் இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். அவன் 356ஐ அடித்தான். 244ஐ இன்னும் எழுதவில்லை, எங்கே தவறியது என்று தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.